ஜெல் ஏணியை அடியிலிருந்து வாசித்து வார்ப்பு இழையை எழுதுவது: சங்கிலி நிறுத்த முறைக்கு முழுமையான வழிகாட்டி

பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு படிக்கும் என் பழைய மாணவி ஒருத்தி விடுமுறைக்குத் திருகோணமலைக்கு வந்திருந்தாள். உவர்மலையில் நான் வகுப்பு நடத்தும் அறைக்கு ஒரு மாலை வந்து, திருத்திய விடைத்தாள் ஒன்றை மேசையில் வைத்தாள். "சேர், கீழே இருந்து மேலேதான் வாசித்தேன். எழுத்துகள் எல்லாம் சரி. பிறகு ஏன் பாதிப் புள்ளி?" என்று கேட்டாள். பார்த்தேன். எழுத்துகள் எல்லாம் சரிதான். ஆனால் 5′, 3′ என்ற இரண்டு முனைக் குறிகளை இடம் மாற்றிப் போட்டிருந்தாள். புள்ளி போனதில் அநியாயம் எதுவும் இல்லை. முனை மாறிய வரிசை வேறொரு மூலக்கூறின் வரிசை.

அவளுக்கு அன்று விளக்கியதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். டி.என்.ஏ. இழையின் எழுத்து வரிசையைக் கண்டறியும் சங்கிலி நிறுத்த முறையைப் பலர் ஒரு படமாக மனப்பாடம் செய்கிறார்கள். ஒவ்வொரு பட்டையும் ஏன் அந்த உயரத்தில் நிற்கிறது என்று தெரிந்தவருக்கு மனப்பாடம் தேவைப்படாது.

சங்கிலி ஏன் நிற்கிறது

பிரெட்ரிக் சாங்கர் தன் சகாக்களுடன் கேம்பிரிட்ஜில் இந்த முறையை உருவாக்கி 1977இல் வெளியிட்டார். இதற்காக 1980இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது. இன்சுலினின் அமைப்புக்காக 1958இலேயே ஒன்று வாங்கியவர் அவர்.

முறையின் உயிர்நாடி ஒரே ஒரு ஒட்சிசன் அணு. டி.என்.ஏ. இழை வளரும்போது, கடைசியாகச் சேர்ந்த நியூக்ளியோடைட்டின் சர்க்கரையில் மூன்றாம் காபனில் உள்ள ஐதரொட்சில் கூட்டத்தில்தான் அடுத்தது வந்து இணைகிறது. இதனால்தான் இழை எப்போதும் 5′ முனையிலிருந்து 3′ முனையை நோக்கி வளர்கிறது. டைடீஒட்சி நியூக்ளியோடைட்டு என்ற மாற்று வடிவத்தில் அந்த இடத்தில் ஐதரொட்சில் இல்லை, வெறும் ஐதரசன்தான். பொலிமரேஸ் நொதியம் அதையும் எடுத்துச் சேர்த்துவிடும். ஆனால் அதற்கு அடுத்ததைக் கொளுவக் கொக்கி கிடையாது. சங்கிலி அங்கேயே நின்றுவிடும்.

இனிச் செய்முறை. வாசிக்க வேண்டிய ஒற்றை இழை, அதாவது வார்ப்பு இழை, நம்மிடம் இருக்கிறது. அதன் 3′ முனைப் பக்கத்தில் வரிசை தெரிந்த ஒரு பகுதி இருக்கும். அதற்குப் பொருந்தும் சிறு பிரைமரை, சொல்லப்போனால் 17 எழுத்து நீளமான ஒன்றை, ஒட்ட வைக்கிறோம். பிறகு கலவையை நான்கு குழாய்களாகப் பிரிக்கிறோம். நான்கிலும் பொலிமரேஸ் உண்டு, சாதாரண நியூக்ளியோடைட்டுகள் நான்கும் உண்டு. வேறுபாடு ஒன்றுதான்: முதல் குழாயில் டைடீஒட்சி A சிறிதளவு, அடுத்ததில் C, அடுத்ததில் G, கடைசியில் T. துண்டுகள் பின்னர் கண்ணுக்குத் தெரிவதற்காகக் கதிரியக்கப் பொசுபரசு அல்லது கந்தகம் கொண்ட அடையாளம் ஒன்றும் சேர்க்கப்படும்.

A குழாயில் நடப்பதைப் பாருங்கள். வார்ப்பில் T வரும் இடமெல்லாம் புதிய இழையில் A சேர வேண்டும். பெரும்பாலான இழைகளில் சாதாரண A சேர்ந்து வளர்ச்சி தொடரும். சிலவற்றில் டைடீஒட்சி A மாட்டி இழை நின்றுவிடும். குழாயில் இருப்பது ஒரு இழை அல்ல, கோடிக்கணக்கானவை. ஆகவே முதல் A-இல் நின்றவை ஒரு கூட்டம், இரண்டாம் A-இல் நின்றவை ஒரு கூட்டம் என்று A வரும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நீளத் துண்டு கிடைக்கும். எல்லாத் துண்டும் ஒரே பிரைமரில் தொடங்கியவை. ஆகவே நீளத்தை அறிந்தால் இடத்தை அறிந்ததாகும்.

ஈர்க்கில் செய்து பார்த்தல்

இதை நான் தென்னை ஈர்க்கில் செய்துகாட்டுவது வழக்கம். இரண்டு மூன்று பச்சை ஈர்க்கு போதும், காய்ந்தது முறிந்துவிடும். ஒவ்வொரு துண்டிலும் முதல் 5 சென்ரிமீற்றருக்குச் சிவப்பு மை பூசுங்கள். அது பிரைமர். அதற்குப் பிறகு ஒரு எழுத்துக்கு 1 சென்ரிமீற்றர். நான்கு ஜாம் போத்தல் மூடிகளில் A, C, G, T என்று எழுதி, கீழே தரப்போகும் வரிசைப்படி வெட்டிய துண்டுகளை உரிய மூடியில் போடுங்கள். மூன்றாம் இடத்தில் A என்றால் 8 சென்ரிமீற்றர் துண்டு A மூடிக்குப் போகும்.

பிறகு வரிசையை மறைத்துவிட்டு நண்பர் ஒருவரிடம் மூடிகளை மட்டும் கொடுங்கள். அவர் மிகக் குட்டையான ஈர்க்கு எந்த மூடியில் இருக்கிறது என்று தேடி அந்த எழுத்தை எழுதுவார், பிறகு அடுத்த குட்டை, அடுத்தது. ஜெல் செய்வது இந்தத் தேடல் வேலையைத்தான். ஜூலை மாதமென்றால் யன்னலைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள். கச்சான் காற்றில் என் மேசையிலிருந்து ஒரு முறை முழு மரபணுவும் பறந்து போயிருக்கிறது.

ஜெல்லில் ஓடவிடுதல்

ஒரே ஒரு எழுத்து வித்தியாசமான துண்டுகளைப் பிரிப்பது எளிதல்ல. அதற்காகப் பொலிஅக்ரைலமைட்டு ஜெல் பயன்படுகிறது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்பில், 40 சென்ரிமீற்றர் அளவு உயரத்தில் அதை வார்ப்பார்கள். இறுகாத அக்ரைலமைட்டு நரம்பு நஞ்சு. கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

ஜெல்லில் 7 அல்லது 8 மோலர் யூரியா கலந்திருக்கும், ஓடும்போது ஜெல் சூடாகவும் வைக்கப்படும். இழைகள் வார்ப்போடு ஒட்டியோ தமக்குள் மடங்கியோ இருந்தால் ஓட்டம் நீளத்தைக் காட்டாது, அவற்றின் உருவத்தைக் காட்டும். யூரியாவும் சூடும் அவற்றை நேராக நிறுத்துகின்றன. இதே காரணத்துக்காக மாதிரியில் போமமைட்டு சேர்த்து, ஏற்றுவதற்கு முன் இரண்டு மூன்று நிமிடம் 90 பாகைக்கு மேல் சூடாக்கி உடனே பனிக்கட்டியில் வைப்பார்கள்.

டி.என்.ஏ.யின் பொசுபேற்றுகள் எதிர் ஏற்றம் உள்ளவை. ஆகவே துண்டுகள் மேலே கிணறுகளிலிருந்து கீழே நேர் மின்வாயை நோக்கி ஓடும். குட்டையானது வேகமாக ஓடி அடியில் நிற்கும், நீளமானது மேலே தங்கும். ஓட்டம் முடிந்ததும் ஜெல்மேல் எக்ஸ்-கதிர்ப் படச்சுருளை வைத்தால் துண்டுகள் இருந்த இடங்கள் கறுப்புப் பட்டைகளாகப் பதியும்.

என் முதல் ஜெல்லில் எல்லாப் பட்டைகளும் கலங்கி, மழையில் நனைந்த எழுத்துப்போல் வந்தன. கிணறுகளில் யூரியா கசிந்து தேங்கி நின்றிருக்கிறது. அதன்மேல் ஏற்றிய மாதிரி அடியில் படியாமல் மிதந்து கலைந்துவிட்டது. ஏற்றுவதற்குச் சற்று முன் தாங்கற் கரைசலைச் சிரிஞ்சியால் பீச்சி ஒவ்வொரு கிணற்றையும் கழுவ வேண்டும் என்று அப்போதுதான் ஒருவர் சொன்னார். ஒரு நாள் வேலை போயிற்று.

ஒரு ஏணியை வாசித்தல்

மாணவி கொண்டுவந்த கேள்வியைப் போன்ற ஒன்று இது. மேலே கிணறுகள், கீழே நேர் மின்வாய். இடப்பக்க எண்களை நான் போட்டிருக்கிறேன், உண்மையான படத்தில் அவை இருக்காது. வார்ப்பு இழை இந்தப் படத்துக்கு அப்பாலும் நீண்டு போகிறது என்று வைத்துக்கொள்வோம்.

```
      A   C   G   T
15        -
14    -
13        -
12            -
11    -
10                -
 9                -
 8                -
 7            -
 6    -
 5        -
 4        -
 3    -
 2            -
 1                -
```

முதலில் நிரல்களின் தலைப்பைப் பாருங்கள். எல்லாக் கேள்வியிலும் A, C, G, T என்ற ஒழுங்கு இருக்காது. அடுத்து நேர் மின்வாய் எந்தப் பக்கம் என்று பாருங்கள். படம் தலைகீழாக அச்சாகியிருந்தால் குட்டைத் துண்டு மேலே இருக்கும்.

அடியில் உள்ள பட்டை T நிரலில் இருக்கிறது. பிரைமர் 17 எழுத்து என்றால் இந்தத் துண்டு 18 எழுத்து நீளம், அதன் கடைசி எழுத்து T. பிரைமரைத் தாண்டி முதலில் சேர்ந்தது T என்று பொருள். அடுத்த உயரத்தில் G, துண்டின் நீளம் 19. இப்படி ஒவ்வொரு படியாக ஏறினால், பதினைந்தாம் படியில் 32 எழுத்துத் துண்டு C-இல் முடிகிறது. ஏறும்போது நிரல் நிரலாக வாசிக்காதீர்கள். நான்கு நிரலையும் ஒன்றாகப் பார்த்து, இப்போதிருக்கும் பட்டைக்கு மிக அருகில் மேலே எது என்று மட்டும் கேளுங்கள். ஒரு அளவுகோலைக் கிடையாக வைத்து மெல்ல மேலே தள்ளினால் கண் தவறாது.

```
5′-TGACCAGTTTAGCAC-3′
```

இது வார்ப்பு அல்ல. ஜெல்லில் ஓடியது நொதியம் புதிதாகக் கட்டிய இழை. அது 5′ முனையில் தொடங்கி வளர்ந்தது, குட்டைத் துண்டு அந்தத் தொடக்கத்துக்குப் பக்கத்தில் நின்றது. எனவே அடியிலிருந்து மேலே வாசிக்கும்போது புதிய இழை 5′ → 3′ திசையில் வருகிறது.

வார்ப்பு அதற்கு நிரப்பானது, எதிர்த் திசையில் கிடப்பது. புதிய இழைக்கு நேர் கீழே எழுதிப் பாருங்கள்:

```
புதியது   5′-TGACCAGTTTAGCAC-3′
வார்ப்பு   3′-ACTGGTCAAATCGTG-5′
```

இந்த இரண்டாம் வரி, இடப்பக்கம் 3′ என்று குறித்திருக்கும்வரை, முற்றிலும் சரியான விடை. மாணவியும் தன் விடையில் இப்படியே எழுத்துகளைச் சரியாக எழுதி இடப்பக்கத்தில் 5′ என்று போட்டிருந்தாள். வரிசைகளை 5′ முனையிலிருந்து எழுதுவது மரபு என்று யாரோ சொன்னது நினைவில் இருந்திருக்கிறது. மரபு சரிதான். ஆனால் மரபுப்படி எழுத வேண்டுமென்றால் குறியை மட்டும் மாற்றினால் போதாது, எழுத்துகளையும் திருப்பி எழுத வேண்டும்:

```
வார்ப்பு   5′-GTGCTAAACTGGTCA-3′
```

இது வெறும் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு சிறு எடுத்துக்காட்டு. 5′ முனையிலிருந்து ATG என்று வந்தால் அது புரதத் தொகுப்பைத் தொடக்கும் குறியீடு. அதையே பின்னிருந்து வாசித்தால் GTA, வலின் என்ற அமினோ அமிலத்துக்கான குறியீடு. எழுத்துகள் அவையேதான், சொல் வேறு.

விடையைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. A நிரலில் 4 பட்டை, C-இல் 4, G-இல் 3, T-இல் 4, மொத்தம் 15. எழுதிய புதிய இழையிலும் இதே எண்ணிக்கை இருக்க வேண்டும். வார்ப்பில் A-யும் T-யும் இடம் மாறி, C-யும் G-யும் இடம் மாறி வர வேண்டும்: A 4, T 4, G 4, C 3. எண்ணிப் பாருங்கள், வருகிறது. எழுத்து விடுபட்டால் இது காட்டிக்கொடுக்கும். முனைகள் மாறியதைக் காட்டிக்கொடுக்காது. அதற்கு, பிரைமர் எங்கே ஒட்டியது என்று கேளுங்கள். அது வார்ப்பின் 3′ பக்கத்தில் ஒட்டியது. ஏணியின் அடிப்பட்டைக்கு எதிரான எழுத்து, இங்கே A, வார்ப்பில் அந்த 3′ பக்கத்தில் இருக்க வேண்டும்.

8, 9, 10ஆம் படிகளில் மூன்று T தொடர்ந்து வருவதைக் கவனியுங்கள். உண்மையான படத்தில் இது ஒரு தடித்த கறையாகத் தெரியலாம். இரண்டா மூன்றா? பக்கத்து நிரல்களில் அடுத்தடுத்த பட்டைகளின் இடைவெளியை அளந்து, G-க்கும் A-க்கும் (7, 11) நடுவே அத்தகைய இடைவெளிகள் எத்தனை அடங்கும் என்று பாருங்கள். நான்கு அடங்கினால் நடுவே மூன்று பட்டைகள். மேலே போகப் போக இடைவெளி சுருங்கும். ஆகவே அளவை எப்போதும் அருகில் இருக்கும் பட்டைகளிலிருந்தே எடுங்கள். மேல் முனையில் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும் இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட வேண்டும். இத்தகைய ஜெல்லில் ஒரு ஓட்டத்தில் சில நூறு எழுத்துகள் கிடைத்தாலே நல்ல வாசிப்பு.

எவ்வளவு டைடீஒட்சி போடுவது

டைடீஒட்சியைச் "சிறிதளவு" போடுவதாகச் சொன்னேன். ஏன் சிறிதளவு? ஒவ்வொரு A-யிலும் இழை நிற்க இரண்டில் ஒரு வாய்ப்பு என்று வைப்போம். 1000 இழைகளில் முதல் A-இல் 500 நிற்கும், இரண்டாவதில் 250, மூன்றாவதில் 125. பத்தாவது A-க்கு வரும்போது ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும். படத்தில் அடிப்பட்டைகள் கன்னங்கரேலென்று இருக்கும், மேலே வெறுமை.

வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றால், முதல் A-இல் 10 இழை, பத்தாவதில் ஏறத்தாழ 9, ஐம்பதாவதில்கூட 6. ஏணி அடியிலிருந்து மேல்வரை ஒரே சீராகத் தெரியும். மிகவும் குறைத்துவிட்டாலோ பெரும்பாலான இழைகள் நிற்காமலே ஓடிப்போகும். அடிப்பகுதி மங்கி, கறுப்பு முழுவதும் உச்சியில் திரளும். ஆகவே படத்தில் கறுப்பு எங்கே குவிந்திருக்கிறது என்று பார்த்தாலே எந்தக் குழாயில் அளவு பிழைத்தது என்று சொல்லிவிடலாம். எல்லா நொதியத்துக்கும் ஒரே அளவு பொருந்தாது. சாங்கர் பயன்படுத்திய கிளெனோ துண்டு என்ற பொலிமரேஸுக்கு டைடீஒட்சி பிடிக்காது, அதிகம் ஊட்ட வேண்டும். பின்னர் வந்த மாற்றியமைத்த நொதியங்கள் அதைத் தயங்காமல் எடுக்கின்றன.

ஏணி பொய் சொல்லும் இடங்கள்

ஒரு உயரத்துக்கு ஒரு பட்டை என்பது விதி. அது மீறப்படும்போது எப்படி மீறப்படுகிறது என்று பாருங்கள்.

நான்கு நிரலிலும் ஒரே உயரத்தில் பட்டை இருந்தால், டைடீஒட்சிக்கு அதில் பங்கில்லை. வார்ப்பு அந்த இடத்தில் மடங்கியோ முறிந்தோ இருக்கிறது, நொதியம் அங்கே வழுக்கி விழுந்துவிட்டது. அந்த இடத்துக்கு N என்று எழுதிவிட்டு மேலே போங்கள். வார்ப்பு முடியும் இடத்திலும் இதே தோற்றம் வரும். எந்த டைடீஒட்சியும் மாட்டாமல் கடைசிவரை போன இழைகள் நான்கு குழாயிலும் உண்டு. அதனால் வார்ப்பின் கடைசி எழுத்தை இந்த ஏணியில் வாசிக்க முடியாது. மேலேயுள்ள படத்தில் வார்ப்பு நீண்டு போகிறது என்று நான் நிபந்தனை போட்டது இதற்காகத்தான்.

இரண்டு நிரலில் ஒரே உயரத்தில் பட்டை இருந்தால் இன்னும் சுவையான நிலை. அந்த ஒரு படியில் மட்டும் இரட்டை, மேலும் கீழும் ஒற்றை என்றால், எடுத்த மாதிரியில் ஒரே எழுத்தில் வேறுபடும் இரண்டு வடிவங்கள் இருக்கலாம். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வந்த மரபணுவில் இது இயல்பு, அதைப் பிழையென்று அழித்துவிடக்கூடாது. ஒரு படியிலிருந்து தொடங்கி அதற்கு மேலே எல்லாமே இரட்டை என்றால், ஒரு வடிவத்தில் அங்கே சில எழுத்துகள் கூடியோ குறைந்தோ இருக்கின்றன. அடியிலிருந்தே எல்லாம் இரட்டை என்றால் இரண்டு வார்ப்புகள் கலந்துவிட்டன, அல்லது பிரைமர் இரண்டு இடங்களில் ஒட்டிவிட்டது.

கண்ணை மிக எளிதில் ஏமாற்றுவது நெரிசல். G-யும் C-யும் நிறைந்த பகுதியில் புதிய இழையின் நுனி தன்மேலேயே கொண்டையூசிபோல் மடங்கி, யூரியாவுக்கும் மசியாமல் நிற்கும். மடங்கிய துண்டு தன் நீளத்துக்கு மீறிய வேகத்தில் ஓடும். இரண்டு மூன்று பட்டைகள் நெருங்கி ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அதற்கு மேலே வழக்கத்துக்கு மாறான பெரிய இடைவெளி விழும். அந்த இடைவெளியைக் கண்டால் கீழே எழுதியதை நம்பாதீர்கள். சாதாரண G-க்குப் பதிலாக, இணைப்பு பலவீனமான மாற்று வடிவம் ஒன்றைப் போட்டுத் திரும்பச் செய்யலாம். எதிர் இழையை வார்ப்பாக வைத்தும் வாசிக்கலாம். அங்கே நெரிசல் கொண்டையூசியின் மறுபக்கத்துக்கு நகர்ந்துவிடும், மறைந்திருந்த எழுத்துகள் வெளியே வரும்.

நடு நிரல்கள் வேகமாகவும் ஓர நிரல்கள் மெதுவாகவும் ஓடி ஏணி புன்னகைபோல் வளைந்தால், ஜெல்லின் நடு அதிகம் சூடாகியிருக்கிறது. கண்ணாடியோடு ஓர் உலோகத் தகட்டைச் சேர்த்துப் பிடித்தால் சூடு பரவும். வாசிப்பவர் அளவுகோலைக் கைவிட்டு வளைவின் போக்கிலேயே படிகளைப் பின்தொடர வேண்டும்.

இன்றைய ஆய்வுகூடங்களில் நான்கு டைடீஒட்சிக்கும் நான்கு நிறச் சாயம் ஏற்றி, ஒரே குழாயில் செய்து, மயிரிழை போன்ற குழலில் ஓடவிட்டு, கணினித் திரையில் நிற முகடுகளாகப் பார்க்கிறார்கள். அங்கேயும் முதலில் வந்து சேர்வது குட்டைத் துண்டுதான், திரையில் இடமிருந்து வலமாக வருவது புதிய இழையின் 5′ → 3′ தான்.

அவளுக்குக் கொடுத்த ஏணி

போகுமுன் இதை எழுதிக் கொடுத்தேன். நேர் மின்வாய் கீழே. தலைப்பைப் பார்த்துத் தொடங்குங்கள்.

```
      G   A   T   C
 8        -
 7    -
 6    -   -   -   -
 5            -
 4    -
 3        -
 2        -
 1                -
```

அவள் வாசலில் நின்றபடியே செய்தாள். ஆறாம் படியில் பேனா தயங்கியது. பிறகு N என்று எழுதினாள்.

```
புதியது   5′-CAAGTNGA-3′
வார்ப்பு   3′-GTTCANCT-5′
அதாவது   5′-TCNACTTG-3′
```

"ஆறாவது எழுத்து என்னவென்று கேட்டால்?" என்றாள். எதிர் இழையை ஓடவிடச் சொன்னேன்.